65 வாட் சார்ஜரிலும் போன் மெதுவாக ஏறுகிறதா? பி.பி.எஸ். சார்ஜிங் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டறிதல்

என் மேசையின் மேல் இரண்டு சார்ஜர்கள் கிடக்கின்றன. ஒன்று மடிக்கணினிக்காக வாங்கிய 65 வாட் சார்ஜர். மற்றொன்று சாம்சங் கேலக்ஸி போனுக்கென்று தனியாக வாங்கிய 25 வாட் சார்ஜர். போனில் 20 விழுக்காடு இருக்கும்போது 25 வாட் சார்ஜரில் போட்டால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் 70 விழுக்காட்டைத் தொட்டுவிடுகிறது. அதே போன், அதே கேபிள், ஆனால் 65 வாட் சார்ஜர் என்றால் முக்கால் மணி நேரம் ஆகிறது. பெரிய சார்ஜர் மெதுவாகவும் சிறிய சார்ஜர் வேகமாகவும் வேலை செய்வது முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும். இரண்டு சார்ஜர்களிலும் பழுது எதுவும் இல்லை. சிறியதற்கு ப்ரோகிராமபிள் பவர் சப்ளை, சுருக்கமாகப் பி.பி.எஸ்., என்ற வசதி உண்டு, பெரியதற்கு இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

இந்த வசதி என்ன செய்கிறது என்பது தெரியாமல் கேபிளையும் சார்ஜரையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை என்பதால், அறிகுறிகளுக்குப் போகும் முன் அதைச் சற்று விளக்கிவிடுகிறேன்.

போனுக்குள் என்ன நடக்கிறது

போனின் பேட்டரி, ஏறியிருக்கும் அளவைப் பொறுத்து, சுமார் 3.5 முதல் 4.4 வோல்ட் வரையில் நிற்கும். வழக்கமான யு.எஸ்.பி. பவர் டெலிவரி சார்ஜரோ 5, 9, 15, 20 வோல்ட் என்று நிலையான சில படிகளை மட்டுமே தரும். போன் 9 வோல்ட்டைக் கேட்டு வாங்கினால், அதை 4 வோல்ட்டுக்கு இறக்கும் வேலையைத் தனக்குள் இருக்கும் பக் கன்வெர்ட்டர் என்ற சுற்றின் மூலம் செய்துகொள்ள வேண்டும். அந்தச் சுற்றின் காயிலிலும் சுவிட்சுகளிலும் நுழையும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெப்பமாகப் போய்விடுகிறது. அந்த வெப்பம் வெளியேற வழியில்லாத ஒரு மெல்லிய கண்ணாடிப் பெட்டிக்குள், அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, உண்டாகிறது என்பதுதான் சிக்கல்.

இதைத் தவிர்க்கப் போன்களில் சார்ஜ் பம்ப் என்ற மற்றொரு சுற்று வைக்கப்படுகிறது. இதில் காயில் கிடையாது. மின்தேக்கிகளை மாற்றி மாற்றி இணைத்து, வரும் மின்னழுத்தத்தைச் சரிபாதியாக்கி, மின்னோட்டத்தை இரட்டிப்பாக்குகிறது. இழப்பு இரண்டு மூன்று விழுக்காடுதான். ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு: பாதியாக்குவதைத் தவிர இதற்கு வேறொன்றும் தெரியாது. பேட்டரி 4.0 வோல்ட்டில் இருக்கிறது என்றால், உள்ளே வருவது 8 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும், பேட்டரி 4.1 வோல்ட்டுக்கு ஏறினால் வருவதும் அதற்கேற்ப 0.2 வோல்ட் ஏற வேண்டும். அதாவது, மின்னழுத்தத்தைத் துல்லியமாக நிறுத்திவைக்கும் பொறுப்பு போனிலிருந்து சார்ஜருக்கு மாறுகிறது. அதற்காகத்தான் பி.பி.எஸ்.: போன் கேட்கக் கேட்கச் சார்ஜர் 20 மில்லிவோல்ட் படிகளில் மின்னழுத்தத்தையும், 50 மில்லி ஆம்பியர் படிகளில் மின்னோட்ட வரம்பையும் மாற்றித் தருகிறது.

படி ஏன் இத்தனை சிறியதாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். சார்ஜரிலிருந்து பேட்டரி வரையிலான பாதையின் மின்தடை, கேபிளையும் சேர்த்து, 0.2 ஓம் அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லிவோல்ட் கூட்டினால் மின்னோட்டம் 0.1 ஆம்பியர் கூடும். இது கையாளக்கூடிய அளவு. படி 1 வோல்ட்டாக இருந்திருந்தால் ஒரே தாவலில் 5 ஆம்பியர் கூடியிருக்கும். பம்பும் பேட்டரியும் அதைத் தாங்கா.

வெப்பக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். பேட்டரிக்குள் 18 வாட் செல்ல வேண்டும் என்றால், பக் கன்வெர்ட்டர் வழியே 20 வாட் உள்ளே வர வேண்டும். 2 வாட் போனுக்குள் வெப்பமாகிறது. சார்ஜ் பம்ப் வழியே 18.5 வாட் வந்தால் போதும். அரை வாட்தான் வெப்பமாகிறது. நான்கில் ஒரு பங்கு வெப்பம் என்பதால் போன் குளிர்ச்சியாக இருக்கிறது. குளிர்ச்சியாக இருப்பதால் வேகத்தைக் குறைக்காமல் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிறது. மிச்சமான வெப்பத்தில் ஒரு பகுதி சார்ஜருக்கு இடம் மாறியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் சுவரில் மாட்டிய பெட்டி சூடாவதால் பேட்டரிக்குக் கேடில்லை.

சோதிக்கத் தேவையானவை

மூன்று வழிகளில் நிலைமையை அறியலாம். முதலாவது, பூட்டிய திரையில் சார்ஜரைச் செருகியதும் தோன்றும் எழுத்து. கேலக்ஸி போன்களில் பி.பி.எஸ். பேச்சு வெற்றி பெற்றால் `Super fast charging` என்றும், 45 வாட் அளவுக்குப் போனால் `Super fast charging 2.0` என்றும், இல்லையேல் `Fast charging` அல்லது `Charging` என்றும் வரும். இரண்டாவது, சார்ஜருக்கும் கேபிளுக்கும் இடையே செருகும் யு.எஸ்.பி.-சி மீட்டர். இது வோல்ட்டையும் ஆம்பியரையும் நேரடியாகக் காட்டும். இந்த வேலைக்கு இதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை. மூன்றாவது, வெப்பநிலையை அறிவது. போனில் வயர்லெஸ் டீபக்கிங்கை இயக்கிக் கணினியுடன் இணைத்துவிட்டால், சார்ஜிங் கேபிளைக் கழற்றாமலேயே இதைப் பார்க்கலாம்:

```
adb shell dumpsys battery
```

வரும் வரிகளில் மூன்று நமக்குப் போதும்:

```
  level: 46
  voltage: 4012
  temperature: 371
```

மின்னழுத்தம் மில்லிவோல்ட்டிலும் வெப்பநிலை பத்தில் ஒரு டிகிரி அளவிலும் தரப்படுகின்றன. மேலே உள்ளது 4.012 வோல்ட், 37.1 டிகிரி செல்சியஸ்.

பி.பி.எஸ். சரியாக வேலை செய்யும்போது மீட்டரில் காணும் காட்சி ஒரு தனி அழகு. செருகியவுடன் 5 வோல்ட். சில நொடிகளில் 8 வோல்ட்டை நெருங்கி, அங்கிருந்து 8.12, 8.16, 8.22 என்று படிப்படியாக ஏறி, ஆம்பியர் ஒரு நிலைக்கு வந்ததும் நிற்கும். பிறகு பேட்டரி ஏற ஏற வோல்ட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். 9.0 வோல்ட்டுக்கு அருகில் ஆணி அடித்தாற்போல அசையாமல் நின்றால் அது பி.பி.எஸ். அல்ல.

அறிகுறி 1: `Fast charging` என்று மட்டும் வருகிறது; மீட்டர் 9 வோல்ட்டில் நிலையாக நிற்கிறது

நான் முதலில் சொன்ன 65 வாட் சார்ஜரின் கதை இதுதான். மீட்டரில் 9.0 வோல்ட், 1.6 ஆம்பியர் அளவில் நின்றது. பெருக்கினால் 15 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. சார்ஜரால் 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் தர முடியும் என்றாலும், பக் கன்வெர்ட்டர் வழியே இதற்கு மேல் போன் கேட்பதில்லை. எனவே சார்ஜரின் வாட் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை.

விடை சார்ஜரின் உடம்பிலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தால், அல்லது போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். 65 வாட் சார்ஜரில் இருந்தது இது:

```
5V⎓3A  9V⎓3A  15V⎓3A  20V⎓3.25A
```

25 வாட் சார்ஜரில் இருந்தது இது:

```
PDO: 5V⎓3A / 9V⎓2.77A
PPS: 3.3-5.9V⎓3A / 3.3-11V⎓2.25A
```

முதலாவதில் நான்கு நிலையான எண்கள் மட்டுமே உள்ளன. இரண்டாவதில் `3.3-11V` என்ற வீச்சு இருக்கிறது. இந்த வீச்சு இல்லாத சார்ஜரிடம் போன் 8.2 வோல்ட் கேட்கவே முடியாது. கடையில் சார்ஜர் வாங்கும்போது பெட்டியின் முன்பக்கத்தில் உள்ள வாட் எண்ணை விட்டுவிட்டு இந்த வரியைத் தேடுங்கள்.

இந்த வரியிலேயே மற்றொரு குழப்பத்துக்கும் விடை இருக்கிறது. 25 வாட் சார்ஜரில் போட்டும் மீட்டர் 18, 19 வாட் மட்டுமே காட்டுகிறதே என்று பலர் கவலைப்படுகிறார்கள். 25 என்பது 11 வோல்ட்டை 2.25 ஆம்பியரால் பெருக்கி வந்த எண். பேட்டரி 4 வோல்ட்டில் இருக்கும்போது பம்புக்குத் தேவை 8.4 வோல்ட் அளவுதான், அதை 2.2 ஆம்பியரால் பெருக்கினால் 18.5 வாட் வருகிறது. சார்ஜர் ஏமாற்றவில்லை, போன் 11 வோல்ட்டைக் கேட்கவில்லை.

சார்ஜரில் `PPS` வரி இருந்தும் இதே அறிகுறி வந்தால், கேபிளின் சார்ஜர் பக்க முனையைப் பாருங்கள். அது பழைய அகன்ற யு.எஸ்.பி.-ஏ முனையாக இருந்தால் பவர் டெலிவரி பேச்சு நடக்கவே வழியில்லை. சார்ஜரும் போனும் பேசிக்கொள்ளும் சி.சி. என்ற தனிக் கம்பி இரு முனைகளும் சி வகையாக இருக்கும் கேபிளில்தான் முழுமையாக ஓடுகிறது. அதுவும் சரி என்றால் போனின் அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குப் போய் `Super fast charging` அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரவில் மெதுவாக ஏறட்டும் என்று யாராவது அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த யாரோ நான்தான்.

இரண்டு மூன்று துளைகள் உள்ள சார்ஜரில், இரண்டாவது துளையில் வேறு எதையாவது செருகியவுடன் இந்த அறிகுறி தோன்றுவதும் உண்டு. அந்த நொடியில் சார்ஜர் தன் மொத்தத் திறனைப் பங்கிட்டு எல்லாத் துளைகளிலும் புதிதாகப் பேச்சைத் தொடங்குகிறது. புதிய பங்கீட்டில் பி.பி.எஸ். வரி விடுபட்டுவிடலாம், அல்லது அதன் ஆம்பியர் குறைந்துவிடலாம். காதில் மாட்டும் கருவியின் சிறு பெட்டியைச் செருகினால்கூட இது நிகழும். மற்றவற்றைக் கழற்றிவிட்டு ஒரே துளையில் சோதித்தால் உடனே தெரிந்துவிடும்.

அறிகுறி 2: வேகமாகத் தொடங்கி, பத்து நிமிடத்தில் போன் சூடாகி வேகம் விழுகிறது

இங்கே மீட்டரையும் வெப்பநிலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மீட்டரில் வோல்ட் சிறு படிகளில் அசைகிறது, அதாவது பி.பி.எஸ். வேலை செய்கிறது, ஆனால் ஆம்பியர் 2.2-லிருந்து 1.5, 1.0 என்று இறங்குகிறது, வெப்பநிலை 40 டிகிரியை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது என்றால், போன் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே கேட்பைக் குறைக்கிறது. பி.பி.எஸ். போனுக்குள் உண்டாகும் வெப்பத்தைக் குறைக்குமே தவிர, வெளியிலிருந்து வரும் வெப்பத்தை ஒன்றும் செய்ய இயலாது. மே மாதத்து மதுரையில் அறையே 35 டிகிரியில் இருந்தால், சார்ஜிங் தொடங்கும் முன்பே போன் தன் வரம்புக்கு ஐந்து டிகிரி தூரத்தில்தான் நிற்கிறது.

சோதனை எளிது. தடித்த உறையைக் கழற்றி, ஹாட்ஸ்பாட்டையும் காணொளி அழைப்பையும் நிறுத்தி, திரையை அணைத்து, மெத்தையின் மேல் அல்லாமல் தரையிலோ கல் மேடையிலோ மின்விசிறிக் காற்றில் வைத்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் எண்களைப் பாருங்கள். வெப்பநிலை 37, 38-க்கு இறங்கி ஆம்பியர் மீண்டும் ஏறினால் காரணம் வெளிச்சூடுதான்; சார்ஜரை மாற்ற வேண்டியதில்லை. குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பது வேண்டாம்; வெளியே எடுத்ததும் ஈரம் படியும்.

வெப்பநிலை 35 டிகிரியிலேயே இருக்க, வேகம் மட்டும் விழுகிறதென்றால் கேபிளைச் சந்தேகிக்கலாம். ஒரு நல்ல கேபிளின் மின்தடை 0.1 ஓம் என்றால், 2.2 ஆம்பியரில் இழப்பு 0.22 வோல்ட். தேய்ந்த, மெலிந்த, நீண்ட கேபிளில் மின்தடை 0.3 ஓம் ஆகிவிட்டால் இழப்பு 0.66 வோல்ட். போன் தன் வாசலில் என்ன வருகிறது என்று அளந்து, குறைவதைக் கண்டு மேலும் மேலும் கேட்டுக்கொண்டே போகும், பி.பி.எஸ்.ஸில் இது இயல்புதான். ஆகவே மீட்டரைச் சார்ஜர் பக்கம் ஒருமுறையும் போன் பக்கம் ஒருமுறையும் மாட்டிப் பாருங்கள். ஒரே ஆம்பியரில் இரண்டு அளவுகளுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்தக் கேபிளைத் தள்ளிவைக்கலாம். கையால் தொட்டாலும் அது வெதுவெதுப்பாக இருக்கும், 0.66 வோல்ட்டும் 2.2 ஆம்பியரும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒன்றரை வாட் அந்தக் கம்பியிலேயே எரிகிறது.

அறிகுறி 3: 45 வாட் சார்ஜர், 45 வாட் ஏற்கும் போன், ஆனால் `2.0` வரவில்லை

பெரும்பாலும் கேபிள்தான். சாதாரண சி-சி கேபிள் 3 ஆம்பியர் வரைக்கும்தான். அதற்கு மேல் செல்ல வேண்டுமானால் கேபிளின் முனைக்குள் ஈ-மார்க்கர் என்ற சிறு சிப் இருந்து, நான் 5 ஆம்பியர் தாங்குவேன் என்று சார்ஜரிடம் சொல்ல வேண்டும். சிப் பதில் சொல்லாவிட்டால் சார்ஜர் தன் அளிப்பை 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 9, 10 வோல்ட்டில் 45 வாட் வேண்டுமானால் 4 ஆம்பியருக்கு மேல் தேவை என்பதால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. மீட்டரில் ஆம்பியர் 3-ஐத் தாண்டவே தாண்டாமல் நிற்பது இதற்கு அடையாளம். 5 ஆம்பியர் என்று குறிப்பிட்ட கேபிளைப் போட்டுப் பாருங்கள். பேட்டரி பாதிக்கு மேல் ஏறியிருக்கும்போது சோதித்து ஏமாற வேண்டாம்; உச்ச வேகம் தாழ்ந்த அளவில்தான் கிடைக்கும்.

அறிகுறி 4: பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை சார்ஜிங் அறுந்து மீண்டும் தொடங்குகிறது

இந்த இடைவெளியே ஒரு துப்பு. பி.பி.எஸ். விதிப்படி, போனுக்கு மாற்றம் எதுவும் தேவையில்லை என்றாலும் 10 நொடிக்குள் ஒருமுறை தன் கோரிக்கையை மீண்டும் அனுப்ப வேண்டும். மின்னழுத்தத்தைச் சார்ஜரின் கையில் ஒப்படைத்துவிட்ட போன் இன்னும் விழிப்புடன் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளும் ஏற்பாடு இது. 15 நொடிக்குள் எந்தக் கோரிக்கையும் வராவிட்டால் சார்ஜர் பேச்சை முற்றிலும் கலைத்து, மின்சாரத்தை நிறுத்தி, 5 வோல்ட்டிலிருந்து மறுபடி தொடங்கும். மீட்டரில் இது 8.3, பிறகு 0, பிறகு 5, பிறகு மீண்டும் 8.3 என்று ஒரே தாளத்தில் ஓடும்.

ஆக, மின்சாரம் வரும் வழி நன்றாக இருக்கிறது. செய்தி போகும் வழியில் இடறல். அந்தச் செய்தி முழுவதும் சி.சி. கம்பி வழியே, முனையில் உள்ள ஒரு மெல்லிய தொடுமுனை மூலம் போகிறது. போனின் துளைக்குள் சட்டைப்பைப் பஞ்சு அடைந்திருந்தால் செருகி முழுவதும் உள்ளே போகாமல், அகன்ற மின்தொடுமுனைகள் தொட்டும் இது தொடாமலும் இருக்கக்கூடும். செருகியபின் முனைக்கும் போனுக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி தெரிந்தால் அதுதான். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பற்குச்சியால் துளையின் ஓரங்களில் மெதுவாகச் சுரண்டிப் பஞ்சை வெளியே எடுங்கள். ஊசி, குண்டூசி போன்ற உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. நடுவில் நிற்கும் நாக்கைச் சுரண்ட வேண்டாம்.

பிறகும் அறுந்தால் மீட்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். மலிவான மீட்டர்கள் சிலவற்றில் இந்தச் செய்தி வழியில் குறுக்கீடு ஏற்படுவதுண்டு. நோயைத் தேடப் போன கருவியே நோயாக இருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. அதுவும் இல்லையென்றால் வேறொரு பி.பி.எஸ். சார்ஜரிலும் வேறொரு கேபிளிலும் போட்டுப் பாருங்கள். வேறு சார்ஜரில் சரியாகிவிட்டால் அந்தச் சார்ஜரின் மென்பொருளும் உங்கள் போனும் ஒத்துப்போகவில்லை. வீட்டில் சரிசெய்ய ஏதுமில்லை, மாற்றிக்கொள்வதே வழி. எல்லாச் சார்ஜரிலும் அறுந்தால் போனின் சார்ஜிங் துளையைப் பழுதுநீக்குபவரிடம் காட்ட வேண்டும்.

அறிகுறி 5: 80 விழுக்காட்டுக்கு மேல் ஆமை வேகம்

இது கோளாறு அல்ல. பேட்டரி தன் உச்ச மின்னழுத்தத்தைத் தொட்டபின் அதே அழுத்தத்தில் நிறுத்தி மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பது லித்தியம் பேட்டரியின் வழக்கமான முறை. மின்னோட்டம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் போன் சார்ஜ் பம்பை நிறுத்திவிட்டுப் பக் கன்வெர்ட்டருக்கு மாறிக்கொள்ளும்; சிறு மின்னோட்டத்தில் அதன் வெப்பம் பொருட்படுத்தும் அளவில் இருப்பதில்லை. அந்த நேரத்தில் மீட்டர் 9 வோல்ட்டில் அசையாமல் நின்றால் அறிகுறி 1 என்று எண்ணிவிடாதீர்கள். போனை 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவிட்டு மறுபடி சோதியுங்கள். சரியாக 80 விழுக்காட்டில் முற்றிலும் நின்றே விடுகிறதென்றால் பேட்டரி பாதுகாப்பு அமைப்பு இயங்குகிறது. பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் அதை அணைத்துக்கொள்ளலாம்.